நாலு எண்ணில் ஒரு டிரான்சிஸ்டர்: கைக்கணக்கும் டேட்டாஷீட் பொறியும்

ஒரு சர்க்யூட்டுக்குள் என்ன இருந்தாலும் சரி, அதை மூடி வைத்துவிட்டு வெளியே இரண்டு ஜோடி முனைகளை மட்டும் பார்த்தால் அதுதான் டூ-போர்ட் நெட்வொர்க். ஒரு பக்கம் இன்புட், மறுபக்கம் அவுட்புட். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வோல்டேஜ், ஒரு கரன்ட் என்று மொத்தம் நான்கு அளவுகள். இவற்றில் எந்த இரண்டை நாம் கையில் எடுத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் தாமாகவே தீர்மானமாகிவிடும். அந்தத் தொடர்பை எழுத நான்கு எண்கள் போதும். உள்ளே இருப்பது லீனியராக நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை.

எந்த இரண்டை எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. இரண்டு கரன்ட்டையும் எடுத்தால் z பாராமீட்டர். இரண்டு வோல்டேஜையும் எடுத்தால் y. இன்புட் கரன்ட்டையும் அவுட்புட் வோல்டேஜையும் எடுத்தால் h. கணிதத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நாலு வரி போதும். அப்படியிருக்க, டிரான்சிஸ்டர் டேட்டாஷீட்டுகளில் மட்டும் h எப்படி இடம்பிடித்தது? காரணம் மேஜை மேல் அளக்கும் வேலையில் இருக்கிறது.

BC547B-ஐ எடுத்துக்கொள்வோம். கலெக்டர் கரன்ட் 2 மில்லி ஆம்பியர், கலெக்டர்-எமிட்டர் வோல்டேஜ் 5 வோல்ட். z பாராமீட்டர் வேண்டுமென்றால் அவுட்புட் பக்கத்தை ஏசி-க்கு ஓப்பனாக வைக்க வேண்டும். அதாவது கலெக்டருக்கு டிசி கரன்ட் போக வேண்டும், ஏசி கரன்ட் போகக் கூடாது. இந்த டிரான்சிஸ்டரின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸே 33 கிலோ ஓம் அளவில் இருக்கிறது. அதைவிடப் பத்து மடங்கு, 330 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து 2 மில்லி ஆம்பியர் செலுத்தினால் அந்த ரெசிஸ்டரிலேயே 660 வோல்ட் விழும். ரெசிஸ்டருக்குப் பதில் சோக் வைக்கலாம் என்றால் 1 கிலோஹெர்ட்ஸில் 50 ஹென்றிக்கு மேல் வேண்டும். ஏசி-க்கு ஷார்ட் செய்வது மாறாக மிகச் சுலபம். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்குப் போட்டால் 1 கிலோஹெர்ட்ஸில் அது 1.6 ஓம்தான்.

பேஸ் பக்கம் கதை தலைகீழ். அங்கே டிசி கரன்ட் வெறும் 7 மைக்ரோ ஆம்பியர். 1 மெகா ஓம் வழியாகக் கொடுத்தாலும் 7 வோல்ட்தான் விழும். பேஸ் காட்டும் 4.5 கிலோ ஓமுக்கு முன்னால் 1 மெகா ஓம் என்பது ஓப்பன் மாதிரிதான். ஆக கலெக்டரை ஷார்ட் செய்வதும் பேஸை ஓப்பன் செய்வதும் இரண்டுமே எளிது. அந்த இரண்டு நிலைகளையும் மட்டுமே கேட்கும் வகை h. ஹைப்ரிட் என்ற பெயரும் ஒரு பக்கம் கரன்ட், ஒரு பக்கம் வோல்டேஜ் என்ற இந்தக் கலப்பால் வந்ததுதான்.

```
v1 = hie·i1 + hre·v2
i2 = hfe·i1 + hoe·v2
```

கடைசியில் வரும் e, எமிட்டர் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதைச் சொல்கிறது. hie பேஸ் காட்டும் ரெசிஸ்டன்ஸ். hfe கரன்ட் கெயின். hoe அவுட்புட் கண்டக்டன்ஸ். hre என்பது கலெக்டரில் ஏற்படும் அசைவு எவ்வளவு தூரம் பேஸுக்குத் திரும்பி வருகிறது என்பது. BC547B-க்கு மேலே சொன்ன நிலையில், 1 கிலோஹெர்ட்ஸில், டேட்டாஷீட் தரும் வழக்கமான மதிப்புகள் இவை: hie 4.5 கிலோ ஓம், hre 2×10⁻⁴, hfe 330, hoe 30 மைக்ரோ சீமன்ஸ்.

சரி, இவற்றை வைத்து ஒரு ஸ்டேஜைப் போட்டுப் பார்ப்போம். சப்ளை 12 வோல்ட். பேஸுக்கு மேலே 33 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம். எமிட்டரில் 1 கிலோ ஓம், அதற்குக் குறுக்கே பெரிய பைபாஸ் கெபாசிட்டர். கலெக்டரில் 2.2 கிலோ ஓம். சிக்னல் தரும் சோர்ஸின் ரெசிஸ்டன்ஸ் 1 கிலோ ஓம், அவுட்புட்டில் இருக்கும் லோடு 10 கிலோ ஓம்.

முதலில் டிசி. டிவைடர் தருவது 2.79 வோல்ட், பேஸ் கரன்ட்டால் கொஞ்சம் இறங்கி 2.74. அதில் 0.65 கழித்தால் எமிட்டரில் 2.09 வோல்ட், கரன்ட் 2.1 மில்லி ஆம்பியருக்கு நெருக்கம். கலெக்டர்-எமிட்டர் இடையே 5.3 வோல்ட் மிஞ்சுகிறது. டேட்டாஷீட் அளந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டோம், அதனால் அந்த நான்கு எண்களையும் அப்படியே பயன்படுத்தலாம். இந்தச் சரிபார்ப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கரன்ட் பாதியானால் hie ஏறக்குறைய இரட்டிப்பாகும், hoe பாதியாகும். 0.5 மில்லி ஆம்பியரில் ஓடும் ஸ்டேஜுக்கு 2 மில்லி ஆம்பியரின் எண்களைப் போட்டால் விடை எங்கோ போய் நிற்கும்.

இனி ஏசி. கலெக்டர் பார்க்கும் லோடு 2.2 கிலோவும் 10 கிலோவும் பேரலலாக, 1.80 கிலோ ஓம். இதை RL என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சமன்பாட்டில் v2-க்குப் பதில் −i2·RL போட்டால் கரன்ட் கெயின் வந்துவிடும். அதைக் கொண்டுபோய் முதல் சமன்பாட்டில் வைத்தால் இன்புட் ரெசிஸ்டன்ஸ் வரும். இரண்டையும் சேர்த்தால் வோல்டேஜ் கெயின்.

```
Ai = hfe / (1 + hoe·RL) = 330 / 1.054 = 313
Zi = hie − hre·Ai·RL = 4500 − 113 = 4387 Ω
Av = −Ai·RL / Zi = −129
```

கையால் போடுவதற்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. hre, hoe இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டால் கெயின் hfe·RL/hie, அதாவது 132. வித்தியாசம் 3 சதவீதம்கூட இல்லை. 5 சதவீத ரெசிஸ்டர்களை வைத்துக்கொண்டு இந்த 3 சதவீதத்துக்காகச் சண்டை போடத் தேவையில்லை. hoe·RL என்ற பெருக்கல் 0.1-க்குக் கீழே இருக்கும்வரை இந்தச் சுருக்கு வழி நம்பகமானது. இங்கே அது 0.054.

பேஸ் பயாஸ் ரெசிஸ்டர்களையும் கணக்கில் சேர்த்தால் சோர்ஸ் பார்க்கும் இன்புட் 2.79 கிலோ ஓம். சோர்ஸின் 1 கிலோ ஓமோடு இது பங்கு பிரிப்பதால் சிக்னலில் 0.736 பங்கு மட்டுமே பேஸுக்கு வருகிறது. முழு கெயின் 95.

அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் பக்கம் போகும்போது மட்டும் hre-யைத் தூக்கி எறிய முடியாது.

```
Yo = hoe − hfe·hre / (hie + Rs)
```

Yo என்பது அவுட்புட் ரெசிஸ்டன்ஸின் தலைகீழ். இதில் Rs என்பது பேஸிலிருந்து சோர்ஸ் பக்கம் பார்த்தால் தெரியும் ரெசிஸ்டன்ஸ், இங்கே 885 ஓம். போட்டுப் பார்த்தால் 30 மைக்ரோ சீமன்ஸிலிருந்து 12.3 கழிகிறது. மீதி 17.7, அதாவது 56 கிலோ ஓம். hre இல்லை என்று வைத்திருந்தால் 33 கிலோ ஓம் என்று சொல்லியிருப்போம். 2×10⁻⁴ என்ற துக்கடா எண் விடையை 1.7 மடங்கு மாற்றுகிறது. கலெக்டர் ரெசிஸ்டர் 2.2 கிலோ குறுக்கே இருப்பதால் இந்த ஸ்டேஜில் அது வெளியே தெரியாது. ஆனால் கலெக்டரில் ரெசிஸ்டருக்குப் பதில் கரன்ட் சோர்ஸ் வைத்த சர்க்யூட்டில் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அந்தச் சூத்திரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவுட்புட் ரெசிஸ்டன்ஸ், இன்புட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. பேஸை ஓப்பனாக விட்டால் 33 கிலோ ஓம். ஷார்ட் செய்தால் 30-லிருந்து 14.7 போய் 15.3 மைக்ரோ சீமன்ஸ், 65 கிலோ ஓம். இதற்கான இயற்பியலை ஜேம்ஸ் எர்லி 1952-இல் விளக்கினார். கலெக்டர் வோல்டேஜ் ஏறும்போது கலெக்டர்-பேஸ் ஜங்ஷனின் டிப்ளீஷன் பகுதி அகன்று பேஸின் அகலத்தைச் சுருக்குகிறது. அதனால் கலெக்டர் கரன்ட் கொஞ்சம் கூடுகிறது, பேஸ் கரன்ட் கொஞ்சம் குறைகிறது. முதல் விளைவு hoe-வில் தெரிகிறது, இரண்டாவது hre-யில். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் வருகிறது. h பாராமீட்டர்கள் நான்கும் கணிதத்தில் தனித்தனி எண்கள். ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால் அந்த நான்கும் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது டிரான்சிஸ்டர் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. hfe-ஐ hie-யால் வகுத்தால் கிடைப்பது டிரான்ஸ்கண்டக்டன்ஸ். அது கலெக்டர் கரன்ட்டை தெர்மல் வோல்டேஜால் வகுத்த அளவைத் தாண்ட முடியாது. அறை வெப்பத்தில் தெர்மல் வோல்டேஜ் 25.85 மில்லி வோல்ட். ஆகவே 2 மில்லி ஆம்பியரில் உச்சவரம்பு 77 மில்லி சீமன்ஸ். BC547B-இன் 330-ஐ 4500-ஆல் வகுத்துப் பாருங்கள், 73 வருகிறது. வரம்புக்குச் சற்றுக் கீழே, பேஸுக்குள் இருக்கும் சில நூறு ஓம் ரெசிஸ்டன்ஸுக்கு இடம் விட்டு, சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது 2N3904-க்கு வருவோம். அதன் டேட்டாஷீட்டில் 1 மில்லி ஆம்பியர், 10 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற நிலையில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் மட்டுமே இருக்கும், நடுமதிப்பு இருக்காது. hie 1 முதல் 10 கிலோ ஓம். hre 0.5 முதல் 8, அலகு 10⁻⁴. hfe 100 முதல் 400. hoe 1 முதல் 40 மைக்ரோ சீமன்ஸ். இந்த மாதிரி வரும்போது இரண்டு எல்லைகளின் பெருக்குச் சராசரியை எடுத்துக்கொள் என்று பாடத்தில் சொல்லிக்கொடுப்பது ஒரு பழைய வழக்கம். ஒவ்வொன்றாகப் பார்க்க நியாயமாகத்தான் தெரியும். hfe 200, hie 3.16 கிலோ ஓம், hre 2×10⁻⁴, hoe 6.3 மைக்ரோ சீமன்ஸ்.

இந்த நான்கையும் ஒன்றாக வைத்துச் சோதித்தால் கதை வேறு. 200-ஐ 3160-ஆல் வகுத்தால் 63 மில்லி சீமன்ஸ். 1 மில்லி ஆம்பியரில் உச்சவரம்பு 38.7 மட்டுமே. அதாவது கைக்கணக்கு கெயினை 1.6 மடங்கு கூட்டிச் சொல்லும். பெஞ்சில் சர்க்யூட்டைப் போட்டு அளந்தால் எதிர்பார்த்ததில் 60 சதவீதம்தான் வரும், உடனே டிரான்சிஸ்டர் போலியோ என்ற சந்தேகமும் வரும்.

அவுட்புட் கணக்கு இன்னும் மோசம். சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம் என்று வைத்தால் hfe·hre/hie என்பது 12.6 மைக்ரோ சீமன்ஸ். அதை 6.3-லிருந்து கழித்தால் மைனஸ் 6.3. அதாவது அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் மைனஸ் 158 கிலோ ஓம்! சாதாரண சிக்னல் டிரான்சிஸ்டர் ஒன்று, 1 கிலோஹெர்ட்ஸில், எமிட்டர் கிரவுண்டில், வெளியிலிருந்து எந்த ஃபீட்பேக்கும் இல்லாமல் நெகடிவ் ரெசிஸ்டன்ஸ் காட்டுவது நடக்காத காரியம். அந்த நான்கு எண்களும் எந்த டிரான்சிஸ்டருக்கும் சொந்தமில்லாத எண்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கே தவறு? டேட்டாஷீட் தந்தது ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி உத்தரவாதம். hfe 400 உள்ள துண்டுதான் hie 10 கிலோ ஓம் காட்டும். 400-ஐ 25.85-ஆல் பெருக்கிப் பாருங்கள், 10.3 கிலோ ஓம். மேல் எல்லையோடு மேல் எல்லை பொருந்துகிறது. hfe 100 துண்டுக்கு hie 2.6 கிலோ ஓம். ஆனால் கீழ் எல்லையாக 1 கிலோ என்று எழுதியிருக்கிறது, அது தயாரிப்பாளர் தன் பாதுகாப்புக்காகத் தளர்த்தி விட்ட எல்லை. இரண்டு முனைகளுக்கு நடுவில் போனால் உண்மை கிடைக்கும் என்பது இப்படித் தளர்ந்த எல்லைகளுக்குப் பொருந்தாது.

ஆகவே நான் செய்வது இது. hfe-க்கு ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுப்பேன், முடிந்தால் மீட்டரில் அளந்துகொள்வேன். hie-யை டேட்டாஷீட்டிலிருந்து எடுக்காமல் hfe × 26 மில்லி வோல்ட் / கலெக்டர் கரன்ட் என்று நானே போட்டுக்கொள்வேன். 2N3904-க்கு hfe 200 என்றால் hie 5.2 கிலோ ஓம். பிறகு hfe-ஐ 100 என்றும் 400 என்றும் மாற்றி, ஒவ்வொரு முறையும் hie-யையும் கூடவே மாற்றி, இரண்டு முனைகளிலும் ஸ்டேஜ் எப்படி நடக்கிறது என்று பார்ப்பேன். பேஸிலிருந்து கலெக்டர்வரையான கெயின் அசையாது. இன்புட் ரெசிஸ்டன்ஸ் மட்டும் ஏறி இறங்கும். அதனால் சோர்ஸோடு பங்கு பிரியும் இடத்தில் மட்டுமே hfe-இன் சிதறல் உள்ளே நுழைகிறது.

நான்கையும் நிஜமாகவே அளந்துவிடலாமே என்றால், hre-யில் கை வைக்கும்போதுதான் பாடு தெரியும். பேஸை ஓப்பனாக விட்டு கலெக்டரில் 1 வோல்ட் கொடுத்தால் பேஸில் வருவது 0.2 மில்லி வோல்ட். மெயின்ஸ் ஹம் அதைவிடப் பெரிதாக இருக்கும். அதையும் சமாளித்தாலும் பிரெட்போர்டு விடாது. BC547-இல் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசையில் இருப்பதால் கலெக்டரும் பேஸும் பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் செருகப்படும். அந்த இரண்டு வரிசைகளுக்கிடையே 5 பிகோஃபாரட் இருந்தால்கூட 1 கிலோஹெர்ட்ஸில் அது 32 மெகா ஓம். பேஸின் 4.5 கிலோ ஓமோடு சேர்ந்து அது தரும் பங்கு 1.4×10⁻⁴. அளக்க வந்த hre-க்குச் சமமான அளவில் போலிச் சிக்னல்! கண்டுபிடிப்பது சுலபம். ஸ்கோப்பில் பேஸ் சிக்னல் கலெக்டர் சிக்னலோடு ஒத்த ஃபேஸில் இல்லாமல் சாய்ந்து நின்றால், ஃப்ரீக்வென்சியைக் கூட்டும்போது வளர்ந்தால், நீங்கள் அளப்பது கெபாசிட்டன்ஸை. ஃப்ரீக்வென்சியை 200 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றாகும்.

பெஞ்சில் இன்னொரு வழக்கமான ஏமாற்றம், கணக்கில் 95 வந்த கெயின் மீட்டரில் 67 காட்டுவது. கை முதலில் hfe-ஐக் குறை சொல்லப் போகும். நான் முதலில் பைபாஸ் கெபாசிட்டரைப் பார்ப்பேன். எமிட்டர் முனையிலிருந்து டிரான்சிஸ்டருக்குள் பார்த்தால் தெரிவது (hie + Rs) / (1 + hfe), அதாவது 5385-ஐ 331-ஆல் வகுத்தால் 16 ஓம். கெபாசிட்டர் இந்த 16 ஓமுக்கு எதிரே சின்னதாக இருக்க வேண்டும். எமிட்டரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதே, அதன் எதிரே 10 மைக்ரோஃபாரட்டின் 16 ஓம் தாராளம்தானே என்று போட்டுவிடுவார்கள். ஆனால் 10 மைக்ரோஃபாரட்டுக்கும் 16 ஓமுக்கும் முறிவு ஃப்ரீக்வென்சி 1 கிலோஹெர்ட்ஸ், நாம் சோதிக்கும் அதே இடம். 95-இல் 0.707 பங்கு 67. ஜெனரேட்டரை 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கெயின் கணக்கிட்ட இடத்துக்குத் திரும்பிவிடும், அதுவே உறுதி. 50 ஹெர்ட்ஸ்வரை வேண்டுமென்றால் 220 மைக்ரோஃபாரட் போட வேண்டும்.

இந்தக் கணக்கு எதுவரை செல்லும் என்பதற்கு இரண்டு வேலிகள் உண்டு. ஒன்று சிக்னலின் அளவு. நான்கு எண்களும் வளைகோட்டின் ஒரு புள்ளியில் வரைந்த தொடுகோடுகள். பேஸ்-எமிட்டர் இடையே உச்சம் 5 மில்லி வோல்ட் ஆனதுமே, வோல்டேஜ் சோர்ஸால் நேராக ஓட்டும்போது, இரண்டாம் ஹார்மோனிக் 5 சதவீதத்துக்கு வந்துவிடும். கெயின் 129 என்றால் அவுட்புட்டில் 0.65 வோல்ட் உச்சம்தான் அப்போது. கலெக்டரில் இன்னும் மூன்று வோல்ட்டுக்கு இடம் இருந்தும் கணக்கு அதற்குள் நேர்மையை இழந்துவிடுகிறது.

மற்றொன்று ஃப்ரீக்வென்சி. டேட்டாஷீட் எண்கள் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தவை, அதனால் வெறும் மெய்யெண்கள். கலெக்டர்-பேஸ் கெபாசிட்டன்ஸ் 3 பிகோஃபாரட் என்று வைத்தால், கெயின் 129 காரணமாக அது இன்புட்டில் 390 பிகோஃபாரட்டாகத் தெரியும். சோர்ஸ் பக்க ரெசிஸ்டன்ஸோடு சேர்ந்து, பேஸ்-எமிட்டர் கெபாசிட்டன்ஸையும் கூட்டினால், நம் ஸ்டேஜ் அரை மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே விழத் தொடங்கும். அதற்கு மேலே நான்கு h எண்களும் கலப்பெண்களாகிவிடுகின்றன. நூறு மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது அளக்கும் முறையே கைவிடும். அங்கே நல்ல ஷார்ட்டும் கிடைக்காது, நல்ல ஓப்பனும் கிடைக்காது. ஷார்ட் என்று போட்ட கம்பி இண்டக்டராக இருக்கும், ஓப்பன் என்று விட்ட முனை கெபாசிட்டராக இருக்கும். சில டிரான்சிஸ்டர்கள் அந்த நிலையில் ஆசிலேட் ஆகத் தொடங்கிவிடும். அதனால்தான் ஆர்எஃப் டிரான்சிஸ்டர் டேட்டாஷீட்டுகளில் இரண்டு பக்கமும் 50 ஓம் வைத்து அளந்த S பாராமீட்டர்கள் வருகின்றன. அவையும் ஒரு டூ-போர்ட்டின் நான்கு எண்கள்தான், ஆனால் அளவும் கோணமுமாக, ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் ஒரு வரியாக.